‘ஆல் தி பெஸ்ட்’ வயிற்றைக் கலக்குமா?

பரீட்சைக்கோ இன்டர்வியூவுக்கோ போகிறவருக்கு வயிறு கலங்குவதும், வாய் உலர்வதும், உள்ளங்கை வியர்ப்பதும் சகஜம். இதற்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டு நிறைய பேர் வருகிறார்கள். ஆனால் அவரோடு ஆபீஸில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சொல்லப்போனால், பல சமயம் அந்த வயிற்றுக் கலக்கத்துக்குப் பாதிக் காரணம் அவர்தான்! நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார். தைரியம் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொல்கிறார். கேட்பவருக்கோ அது தலையில் இன்னொரு மூட்டையாக ஏறுகிறது.

இப்போது வேலை பார்த்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, துறைத் தேர்வு என்று எழுதுகிறவர்கள் எல்லா ஆபீஸிலும் ஒருவராவது இருக்கிறார்கள். கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் காலை பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மடியில் டிபன் பை, கையில் பொது அறிவுப் புத்தகம் என்று இரண்டு மூன்று பேராவது கண்ணில் படுவார்கள். அவர்களோடு வேலை பார்க்கிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பயம் ஏன் வயிற்றில் தெரிகிறது?

முதலில் உடம்பைப் பார்ப்போம். சித்த மருத்துவத்தில் வாதத்தைப் பத்து வாயுக்களாகப் பிரித்துச் சொல்கிறோம். அவற்றில் மலம், சிறுநீரைக் கீழே தள்ளுவது அபானன். உண்ட உணவைச் செரிக்க உதவுவது சமானன். மூச்சை நடத்துவது பிராணன். பயம் வந்தால் இந்த மூன்றும் தடுமாறும். அதனால்தான் பயந்தவனுக்கு மூச்சு மேலே வாங்குகிறது, சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது, அடிக்கடி பின்கட்டுக்கு ஓட வேண்டியிருக்கிறது.

இதையே அலோபதி டாக்டர்கள் வேறு வார்த்தைகளில் சொல்வார்கள். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. வயிற்றுக்குப் போக வேண்டிய ரத்தம் கை கால் தசைகளுக்குத் திரும்புகிறது. இரைப்பை மந்தமாகிறது, பெருங்குடல் அவசரப்படுகிறது. எந்த வழியில் சொன்னாலும் சங்கதி ஒன்றுதான்.

இந்தப் படபடப்பு கொஞ்சம் இருப்பது நல்லதும்கூட. ஆளை விழிப்பாக வைத்திருக்கும். அளவு மீறினால்தான் தொல்லை. குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 கேள்விகள், 3 மணி நேரம். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட முழுசாகக் கிடையாது. ஒரு கணக்கை மனசுக்குள் போட, அதன் எண்களைச் சில விநாடிகளாவது மனசில் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்த இடம் மிகச் சின்னது. அதில் ‘போச்சுன்னா எல்லார் மூஞ்சியிலயும் எப்படி முழிப்பேன்’ என்ற எண்ணமும் வந்து உட்கார்ந்தால், கணக்குக்கு இடம் எங்கே இருக்கும்? படித்தது மறந்துவிட்டது என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அது மறதி இல்லை. இடநெருக்கடி.

அந்த ‘எல்லார் மூஞ்சி’யில் நம்முடைய மூஞ்சியும் ஒன்று. சக ஊழியர் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி இல்லை

2025 ஜூலை 12-ம் தேதி சனிக்கிழமை குரூப் 4 தேர்வு நடந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு ஒரு பெண் என்னிடம் வந்தார். (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வயது இருபத்தெட்டு இருக்கும். மேடவாக்கம் பக்கம் ஒரு தனியார் ஆபீஸில் கணக்குப் பிரிவில் வேலை. கூடவே அதே பிரிவில் வேலை பார்க்கும் ஓர் அக்காவும் வந்திருந்தார்.

பத்து நாளாக தினமும் காலையில் வயிற்றைப் பிசைகிறது, இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போகிறது என்றார். ஜுரம் இல்லை, ரத்தம் போகவில்லை, எடை குறையவில்லை, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் வலியும் இல்லை. நாடியில் வாதம் ஓங்கியிருந்தது. ‘வாரத்தில் எந்தக் கிழமை ரொம்பத் தொந்தரவு?’ என்று கேட்டேன். யோசித்துவிட்டு, ‘ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணும் இல்ல சார்’ என்றார்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், காலை முதல் இரவு வரை படிப்பாராம்! படிப்புதான் வயிற்றைக் கலக்குகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமையல்லவா அதிகமாகக் கலக்க வேண்டும்? படிக்கும் நாளில் வயிறு சமர்த்தாக இருக்கிறது. ஆபீஸ் போகும் நாளில்தான் கலக்குகிறது. அப்போ ஆபீஸில் என்ன நடக்கிறது?

மெதுவாகச் சொன்னார். தேர்வு எழுதப் போவது பத்து நாளுக்கு முன்பு எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். அன்றிலிருந்து தினமும் ஒருவர் ‘கவர்ன்மென்ட் ஆபீஸர் வந்தாச்சு’ என்று வரவேற்கிறார். இன்னொருவர் ‘ட்ரீட் எங்கே, எப்போ?’ என்கிறார். ‘நீ பாஸ் பண்ணலேன்னா வேற யார் பண்ணுவா?’ என்கிறார் மேனேஜர். வாட்ஸ்அப் குரூப்பில் தினம் ஒரு பொன்மொழி. கூட வந்த அக்காவும் தன் பங்குக்கு, யாரோ சொன்னார்கள் என்று ஞாபகசக்திக்கு ஒரு பாட்டில் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ‘எங்கே, இதுக்குப் பதில் சொல்லு’ என்று கேள்வியும் கேட்பாராம்.

யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லாமே பாசம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு ஆபீஸ் படியேறும்போதே வயிறு பிசைய ஆரம்பித்துவிடுகிறது.

அந்த 2025 குரூப் 4 அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். சராசரியாக ஓர் இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். இந்தக் கணக்கு தேர்வு எழுதுகிறவருக்கு நன்றாகவே தெரியும். அவரிடம் போய் ‘நீ கண்டிப்பா பாஸ்’ என்றால் அவர் மனசு என்ன சொல்லும்? ‘இவங்க நம்பிட்டு இருக்காங்க, கிடைக்கலேன்னா?’ என்றுதான் சொல்லும். நாம் கொடுத்தது தைரியம் என்று நினைக்கிறோம். அவர் வாங்கிக்கொண்டது கடன்!

தெரியாமல் செய்த உதவி

இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வக்கீலாகத் தொழில் செய்ய பார் தேர்வு எழுத வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் அது இரண்டு நாள் நடக்கும் கடினமான தேர்வு. நயல் போல்கர் என்ற உளவியல் ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், அந்தத் தேர்வுக்குப் படிப்பவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் ஒரு மாதத்துக்கு மேல் தினமும் தனித்தனியே குறிப்பு எழுதச் சொன்னார்கள். படிப்பவர், ‘இன்று எனக்கு உதவி கிடைத்ததா?’ என்று எழுத வேண்டும். துணைவர், ‘இன்று நான் உதவி செய்தேனா?’ என்று எழுத வேண்டும். 2000-ல் முடிவு வெளியானது.

விடை விசித்திரமாக இருந்தது. ‘எனக்கு உதவி செய்தார்கள்’ என்று படிப்பவர் உணர்ந்த நாட்களை ஒட்டி அவருடைய மனச்சோர்வு கூடியிருந்தது. துணைவர் உதவி செய்திருந்தும் படிப்பவருக்கு அது உதவியாகவே தெரியாமல் போன நாட்களில்தான் சோர்வு குறைந்திருந்தது!

சரி, அது கணவன் மனைவி விஷயம், ஆபீஸ் சிநேகிதத்துக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். 2007-ல் போல்கரும் அமரெல் என்பவரும் கல்லூரி மாணவிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மேடையில் பேச வேண்டும் என்று சொல்லி மாணவியைப் பதற வைத்தார்கள். கூட இன்னொரு பெண்ணையும் உட்கார வைத்தார்கள். அந்தப் பெண் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பாடு செய்த ஆள்தான். சிலரிடம் அவள் நேராகவே, ‘இப்படி ஆரம்பி, இப்படி முடி’ என்று யோசனை சொன்னாள். வேறு சிலரின் எதிரில், தனக்கே சந்தேகம் வந்த மாதிரி நடத்துபவரிடம் அதே விஷயத்தைக் கேட்டாள். பேசப் போகிறவள் பக்கத்திலிருந்து அதைக் காதில் வாங்கிக்கொண்டாள். தகவல் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். நேராக யோசனை கேட்டவளுக்குப் பதற்றம் கூடியது. காதில் வாங்கியவளுக்கு அப்படிக் கூடவில்லை.

காரணம் என்ன? நேராகத் தூக்கிவிடும் கை, ‘உன்னால் தனியாக நடக்க முடியாது’ என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. வாயால் சொல்வது ‘நீ கெட்டிக்காரி’. செய்கை சொல்வது ‘நீ தாங்குவியா என்று எனக்கு சந்தேகம்’. கேட்பவருக்கு இரண்டாவதுதான் காதில் விழும்.

இன்னொரு ஆராய்ச்சியும் உண்டு. பட்லர், பாமைஸ்டர் என்ற இருவர் 1998-ல் வெளியிட்டது. தனக்கு வெற்றி கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கடினமான வேலையில் ஆட்கள் தடுமாறினார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஆதரவாக ஆள் இருப்பது தங்களுக்கு இதமாக இருக்கிறது என்றே அவர்கள் நினைத்தார்கள்! ஆகவே ‘நான் பேசினா அவளுக்கு சந்தோஷமாத்தானே இருக்கு’ என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

அக்கா என்ன செய்தார்?

அந்தப் பெண்ணுக்கு வாதத்தைத் தணிக்கும் மருந்தை ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்தேன். சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கச் சொன்னேன். பிறகு கூட வந்த அக்காவிடம் பேசினேன். அவரும் புரிந்துகொண்டார். அடுத்த மூன்று வாரம் அவர் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் ஆபீஸுக்கும் உதவும்.

முதல் வேலையாக, மதியச் சாப்பாட்டில் கேள்வி கேட்பதை நிறுத்தினார். ‘இனிமே கேக்க மாட்டேன்’ என்று அறிவிப்பெல்லாம் செய்யவில்லை. பழையபடி சீரியல், காய்கறி விலை, வீட்டுக் கதை என்று பேச்சை மாற்றினார். அந்த அரை மணி நேரம் பரீட்சை இல்லாத இடமாக மாறியது.

அடுத்து, மற்றவர்களின் வாய். ‘அவகிட்ட கேக்காதீங்க, டென்ஷன் ஆகுறா’ என்று ஊரைக் கூட்டியிருந்தால் அது இன்னும் மோசமாகப் போயிருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மேனேஜரைத் தனியாகப் பார்த்து, ‘சார், ரிசல்ட் வர்ற வரைக்கும் இதைப் பத்திப் பேச்சு வேண்டாமே’ என்று ஒரே வரி சொன்னார். வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது பொன்மொழி போட்டால் வேறு ஒரு விஷயத்தைக் கேட்டுப் பேச்சைத் திருப்பிவிட்டார். ட்ரீட் கேட்டவரை, ‘போன மாசம் நீங்க குடுக்க வேண்டிய ட்ரீட் என்னாச்சு?’ என்று மடக்கினார்.

மூன்றாவது, வேலை. ஜூலை முதல் வாரத்தில் மாசக் கணக்கு முடிக்க வேண்டும். ராத்திரி எட்டு மணி வரை உட்கார வேண்டியிருக்கும். ‘நீ படி, நான் உன் வேலையைப் பாத்துக்கறேன்’ என்று அவர் சொல்லவில்லை. இருவரும் வழக்கமாக வேலையைப் பிரித்துக்கொள்ளும்போது, ‘இந்த மாசம் வங்கிக் கணக்கு சரிபார்க்கிறதை நான் எடுத்துக்கறேன், அடுத்த மாசம் நீ எடுத்துக்கோ’ என்றார். அது உதவி மாதிரியே தெரியவில்லை. கொடுக்கல் வாங்கல் மாதிரி இருந்தது. அந்தப் பெண் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்ப முடிந்தது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். தெரியாமல் உதவி செய்வது என்றால் பொய் சொல்வது என்று அர்த்தம் இல்லை. போகாத ஊருக்குப் போவதாகச் சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால், விஷயம் தெரியும்போது ‘என்னைக் குழந்தை மாதிரி நடத்தியிருக்காங்க’ என்று மனசு சுருங்கும். செய்வதை நிஜமாகச் செய்யுங்கள். அதைப் பெரிதாக்காதீர்கள், அவ்வளவுதான்.

நாலாவது, அந்த மாத்திரை பாட்டில். அதை நிறுத்தச் சொன்னேன். வல்லாரை, அமுக்கரா, நீர்ப்பிரமி எல்லாம் நல்ல மூலிகைகள்தான். ஆனால் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஆரம்பித்து ஞாபகசக்தியைக் கூட்டிக்கொள்ள முடியாது. அமுக்கரா சிலருக்குத் தூக்கக் கலக்கம் தரும், வயிற்றை இளக்கும். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. இதையெல்லாம்விடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. ஞாபகசக்திக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதே ‘உனக்கு ஞாபகசக்தி போதாது’ என்று சொல்வதுதானே!

முதல் நாளும் பரீட்சை நாளும்

நம்முடைய சித்த நூல்களில் பதினான்கு வேகங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. பசி, தாகம், தூக்கம், சிறுநீர், மலம், கண்ணீர் இவையெல்லாம் அதில் வரும். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது விதி. பரீட்சை எழுதுகிறவர் அடக்குவதெல்லாம் இவற்றைத்தான். பசியை அடக்கிப் படிக்கிறார், தூக்கத்தை அடக்கி விழிக்கிறார், நேரம் போகிறதே என்று சிறுநீரை அடக்குகிறார். இந்த வேகங்களுக்கு வழிவிட்டால் போதும், சக ஊழியர் செய்யக்கூடிய பெரிய வைத்தியம் அதுதான்.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. பையில் வைக்க வேண்டியவற்றைப் பற்றி ஒரே ஒருமுறை மட்டும் பேசினார்கள். ஹால் டிக்கெட், அடையாள அட்டை, இரண்டு கறுப்பு பால்பாயின்ட் பேனா. அந்தத் தேர்வு 9.30-க்கு ஆரம்பம், 9 மணிக்கு மேல் வந்தவர்களை உள்ளே விட மாட்டார்கள். 2025-ல் மேடவாக்கம் மெயின் ரோட்டில் மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்ததால் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதுதான் உண்மையான கேள்வி. ‘எத்தனை மணிக்குக் கிளம்பலாம்னு இருக்கே?’ என்று கேட்டார் அக்கா. ‘நல்லா படிச்சியா?’ என்று கேட்கவில்லை. வித்தியாசத்தைப் பாருங்கள். முதல் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது. பதிலைச் சொன்னவுடன் விஷயம் தன் கையில் இருப்பதாக அவருக்குத் தோன்றும். இரண்டாவது கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. எவ்வளவு படித்தவரும் ‘ஏதோ படிச்சிருக்கேன்’ என்று சொல்லிவிட்டு, ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

அன்று இரவு போன் செய்து வாழ்த்த வேண்டாம். ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் போன் செய்தால், பத்து முறையும் பரீட்சை ஞாபகம்தான் வரும், தூக்கம் வராது. வாழ்த்த வேண்டும் என்றால் மாலை ஆபீஸிலிருந்து கிளம்பும்போது சாதாரணமாக, ‘நாளைக்கு முடிச்சுட்டு வா, திங்கக்கிழமை பாப்போம்’ என்றால் போதும். இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரிசல்ட் எதுவானாலும் திங்கட்கிழமை இதே மேஜை, இதே மனுஷர்கள் இருப்பார்கள் என்று அது சொல்லிவிடுகிறது.

பரீட்சை நாள் காலையில் பழகிய உணவுதான் சரி. இரண்டு மூன்று இட்லி, காரம் குறைந்த சட்னி. தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடுவது நல்லது. வழக்கமாகக் காபி குடிப்பவர் ஒரு டம்ளர் குடிக்கலாம். பழக்கம் இல்லாதவருக்கு அன்றைக்குப் புதிதாக ஊற்றிக் கொடுத்தால் படபடப்பும் சிறுநீர் அவசரமும்தான் மிச்சம். புது மருந்து, புது லேகியம், புதுச் சட்டை எதுவும் அன்றைக்கு வேண்டாம். நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்க ஆசைப்படும் இனிப்பும் வேண்டாம்.

கூடப் போகிறவர் வாசலில் நின்று கடைசி நிமிஷக் கேள்விகளை ஆரம்பித்துவிடக் கூடாது. கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எவ்வளவோ மேல். அவர் உள்ளே போனதும் ஊதுகாற்றுக்கு நேரம் கொடுத்து நாலைந்து முறை மூச்சு விடட்டும். உள்ளே இழுப்பது மூன்று எண்ணிக்கை என்றால் வெளியே விடுவது ஐந்தாறு எண்ணிக்கை. பிராணன் அடங்கினால் அபானனும் அடங்கும். ஆனால் இதையும் முன்னாலேயே, வேறு ஏதோ சாக்கில் பழகியிருக்க வேண்டும். வாசலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் ஒரு பாடமாகிவிடும்.

இன்டர்வியூ என்றால்?

இன்டர்வியூவுக்குப் போகிறவர் சிலசமயம், ‘என்னைக் கொஞ்சம் கேள்வி கேளுங்களேன்’ என்று தானே கேட்பார். அப்போது மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. நேராக உட்கார்ந்து உதவி செய்யுங்கள். அவர் கேட்டதை, கேட்ட அளவுக்குக் கொடுத்தால் வெளிப்படையான உதவியும் கசக்காது. 2009-ல் வந்த ஓர் ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. தன்னைப் புரிந்துகொண்டு செய்த உதவி என்று தோன்றினால், கண்ணுக்குத் தெரிந்த உதவியும் நல்லதாகவே முடிகிறது. கேட்காமல் வந்து திணிக்கும் உதவிதான் உறுத்துகிறது.

இருபது நிமிஷம் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். நாலைந்து கேள்வி போதும். முடிந்தவுடன் பத்துக் குற்றங்களை அடுக்காமல், மாற்றக்கூடிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ‘பதில் சரிதான், கொஞ்சம் வேகமா சொல்றீங்க’ என்றால் அதை நாளைக்கே சரி செய்யலாம். ‘உங்களுக்குத் தன்னம்பிக்கை போதாது’ என்றால் அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? இன்டர்வியூவுக்கு முந்தின இரண்டு நாளில் இந்தப் பயிற்சியும் வேண்டாம்.

எழுதிவிட்டு வந்த பிறகு

பரீட்சை முடிந்தும் சங்கடம் முடியாது. திங்கட்கிழமை காலையில் பத்துப் பேர் ‘எப்படி எழுதினே? கட் ஆஃப் எவ்வளவு வரும்?’ என்று சூழ்ந்துகொள்வார்கள். தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் கூட உட்கார்ந்து மார்க் எண்ணுகிறவர்களும் உண்டு. எண்ண வேண்டுமா, எப்போது எண்ணுவது என்பதெல்லாம் அவர் இஷ்டம். ‘முடிஞ்சுதா? வா, டீ சாப்பிடலாம்’ என்று சொல்லுங்கள். அவருக்குச் சொல்லத் தோன்றினால் டீ ஆறுவதற்குள் அவரே சொல்வார்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வாரத்திலேயே காலை வயிற்றுப் பிசைவு நின்றது. தேர்வு நாள் காலையில் ஒருமுறை கலங்கியதாம். அது இயற்கை. மூன்று மணி நேரமும் எழுந்திருக்காமல் எழுதினேன் என்றார். என் வைத்தியத்துக்கு அதுதான் அளவுகோல். மார்க்கை நான் கேட்கவில்லை.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

எல்லாவற்றையும் பரீட்சை பயம் என்று தள்ளிவிடவும் கூடாது. மலத்தில் ரத்தம், ஜுரம், எடை குறைவது, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இருந்தால் அது வேறு நோயாக இருக்கலாம், உடனே பரிசோதிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், யாரோடும் பேசாமல் ஒதுங்கினால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

‘இது கிடைக்கலேன்னா இருந்து என்ன பிரயோஜனம்’ என்று விளையாட்டாகச் சொன்னாலும் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கே மட்டும் மறைமுக உதவி கூடவே கூடாது. நேராகக் கேளுங்கள், பக்கத்தில் இருங்கள், தனியே விடாதீர்கள். வீட்டாருக்கும் தெரிவியுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

வீட்டில் வெட்டி ஒட்டி வைக்க

சொல்ல வேண்டாதவை: ‘நீ கண்டிப்பா பாஸ்.’ ‘நீ பண்ணலேன்னா யார் பண்ணுவா?’ ‘ட்ரீட் எப்போ?’ ‘இதெல்லாம் உனக்கு ஜுஜுபி.’ ‘டென்ஷன் ஆகாதே.’ (டென்ஷன் ஆகாதே என்று சொன்னால் ஆகாமல் இருந்தவருக்கும் ஆகும்!)

சொல்லலாம்: ‘எத்தனை மணிக்குக் கிளம்பறே?’ ‘சாப்பிட்டியா?’ ‘ஏதாவது வேணும்னா சொல்லு.’ இந்தக் கடைசி வாக்கியத்தை ஒரே முறை சொன்னால் போதும்.

செய்யலாம்: வேலையில் ஒரு பங்கைப் பேசாமல் எடுத்துக்கொள்வது. மற்றவர்கள் வாயைத் திருப்புவது. மதியச் சாப்பாட்டில் வேறு கதை பேசுவது. முதல் நாள் இரவு போன் செய்யாமல் இருப்பது.

உங்கள் ஆபீஸில் இப்போது யாராவது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தால், நாளைக்கு அவருடைய மேஜைக்குப் போகும்போது பரீட்சையைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நேற்று ராத்திரி நல்ல மழையா, பஸ் கிடைத்ததா என்று கேட்டுப் பாருங்கள். அவர் முகம் தெளிவதை நீங்களே பார்ப்பீர்கள்.